காபனீரொட்சைட்டின் சமச்சீர் அதிர்வு செங்கீழ்க் கதிரில் ஏன் தென்படுவதில்லை?

மட்டக்களப்பில் மாரி காலத்தில் செங்கீழ்க் கதிர் நிறமாலைமானி ஒன்றை இயக்குபவர், மாதிரி எதையும் வைக்காமல் எடுக்கும் பின்னணி நிறமாலையிலேயே இரண்டு வாயுக்களின் தடத்தைக் காண்பார். ஒன்று, வாவியும் கடலும் மழையும் சேர்ந்து காற்றில் நிரப்பிவிடும் நீராவி. மற்றையது, காற்றில் மில்லியனுக்கு 420 பங்கைச் சற்றே தாண்டிய காபனீரொட்சைட்டு. உலர்ந்த காற்றில் ஏறக்குறைய 99 சதவீதமாக இருக்கும் நைதரசனும் ஒட்சிசனும் அந்தத் தாளில் எந்த அடையாளத்தையும் விடுவதில்லை. இவ்வளவையும் உயர்தர மாணவர் பலர் அறிந்தே இருக்கிறார்கள். அவர்களைத் தடுமாற வைப்பது அடுத்த படிதான். காபனீரொட்சைட்டுக்கு இருமுனைவுத் திருப்பம் பூச்சியம் என்று கற்ற மாணவர், "அப்படியென்றால் அது எப்படி உறிஞ்சுகிறது, சேர்?" என்று கேட்பார். உறிஞ்சுகிறது என்பதை ஏற்றுக்கொண்ட பிறகு, அதன் ஒரு குறிப்பிட்ட அதிர்வு மட்டும் ஏன் உறிஞ்சுவதில்லை என்று கேட்பார். இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே. அதைக் காபனீரொட்சைட்டு என்ற ஒரே மூலக்கூறை வைத்து முழுமையாகப் பார்த்துவிடலாம்.

ஒளி என்பது அலைவுறும் மின்புலம். அந்த மின்புலம் ஒரு மூலக்கூறைப் பற்றிக்கொள்ள வேண்டுமானால், மூலக்கூறின் ஏற்றப் பரம்பல் அதே மீடிறனில் ஒரு பக்கமாகவும் மறுபக்கமாகவும் அசைய வேண்டும். ஆகவே கணக்கில் எடுக்க வேண்டியது மூலக்கூறு ஓய்வில் கொண்டிருக்கும் இருமுனைவுத் திருப்பம் அன்று. அதிர்வின்போது அந்தத் திருப்பம் மாறுகிறதா என்பதே. நிலையான திருப்பம் உண்டா இல்லையா என்பது சுழற்சி நிறமாலைக்குரிய கேள்வி. அதை அதிர்வு நிறமாலைக்குள் கொண்டுவருவதுதான் மேற்கூறிய தடுமாற்றத்தின் காரணம்.

இப்போது எண்களை வைத்துப் பார்ப்போம். காபனீரொட்சைட்டில் காபன் நடுவிலும் ஒட்சிசன்கள் இரு பக்கங்களிலும் ஏறத்தாழ 116 பைக்கோமீற்றர் தூரத்திலும் ஒரே நேர்கோட்டில் உள்ளன. ஒட்சிசன் ஒவ்வொன்றும் −δ என்ற சிறு ஏற்றத்தையும் காபன் +2δ ஏற்றத்தையும் கொண்டிருப்பதாகக் கொள்வோம். காபனை உற்பத்திப் புள்ளியில் வைத்தால் ஒட்சிசன்கள் +116 இலும் −116 இலும் இருக்கும். ஏற்றத்தையும் தூரத்தையும் பெருக்கிக் கூட்டினால் விடை பூச்சியம்; ஓய்வில் திருப்பம் இல்லை.

சமச்சீர் நீட்டல் அதிர்வில் இரண்டு ஒட்சிசன்களும் காபனிலிருந்து ஒரே அளவு விலகி, ஒரே அளவு நெருங்குகின்றன. 3 பைக்கோமீற்றர் விலகியதாகக் கொண்டால் அவை +119 இலும் −119 இலும் இருக்கும். திணிவு மையம் அசையக் கூடாது என்பதால் காபன் நின்ற இடத்திலேயே நிற்கும். கூட்டுத்தொகை மீண்டும் பூச்சியம். சமச்சீரற்ற நீட்டலில் நிலைமை வேறு. இரண்டு ஒட்சிசன்களும் ஒரே திசையில் 3 பைக்கோமீற்றர் நகர்ந்தால், 32 திணிவலகை ஈடுசெய்ய 12 திணிவலகு கொண்ட காபன் எதிர்த் திசையில் 8 பைக்கோமீற்றர் நகர வேண்டும். ஒட்சிசன்கள் இப்போது +119 இலும் −113 இலும், காபன் −8 இலும் உள்ளன. ஒட்சிசன்களின் பங்கு −6δ, காபனின் பங்கு −16δ, மொத்தம் −22δ. அரை அலைவுக்குப் பின் அது +22δ ஆகும். அலைவுறும் இருமுனைவு ஒன்று பிறந்துவிட்டது. 2349 cm⁻¹ இல் ஒளி உறிஞ்சப்படுகிறது. வளைவு அதிர்விலும் இதே கணக்கை அச்சுக்குச் செங்குத்தாகச் செய்யலாம். ஒட்சிசன்கள் கீழே 3 நகர, காபன் மேலே 8 நகர, அங்கும் 22δ கிடைக்கும். அந்த வளைவு ஒரே சக்தியுடன் இரண்டு தளங்களில் நிகழக்கூடியது. அது 667 cm⁻¹ இல் உறிஞ்சும்.

இந்த எளிய கணக்கு வளைவுக்கும் சமச்சீரற்ற நீட்டலுக்கும் ஒரே பெறுமானத்தைத் தருகிறது. ஆனால் அளந்து பார்த்தால் 2349 இன் பட்டை 667 இன் பட்டையைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு வலிமையானது. பிணைப்பு நீளும்போதும் குறுகும்போதும் இலத்திரன்களும் இடம்பெயர்வதால் δ மாறிலியாக நிற்பதில்லை. வேறுபாடு அங்கிருந்து வருகிறது. அப்படியானால் சமச்சீர் நீட்டலுக்குக் கிடைத்த பூச்சியத்தை மட்டும் எப்படி நம்புவது என்று ஒருவர் கேட்பது நியாயமே.

அந்தப் பூச்சியம் δ இன் பெறுமானத்தில் தங்கியிருக்கவில்லை. சமச்சீர் நீட்டலின் எந்தக் கணத்தில் மூலக்கூறை நிறுத்திப் பார்த்தாலும், அதற்குக் காபன் அணுவில் ஒரு சமச்சீர் மையம் இருக்கும். ஒவ்வொரு புள்ளியையும் அந்த மையத்தினூடாக மறுபுறம் கொண்டுபோய் வைத்தால் மூலக்கூறு தன்னைத்தானே மீண்டும் ஒத்துப்போகும். ஆனால் இருமுனைவுத் திருப்பம் என்பது திசையுள்ள கணியம். மையத்தினூடாகப் புரட்டினால் அதன் குறி மாறியே ஆகவேண்டும். மாறாத மூலக்கூறுக்குக் குறி மாறும் கணியம் ஒன்று உரியதாக இருக்க வேண்டுமானால் அதன் பெறுமானம் பூச்சியமாக மட்டுமே இருக்க முடியும். இலத்திரன்கள் எவ்வளவு ஓடினாலும் இரு பக்கமும் ஒரே அளவு ஓடுவதால் இந்த முடிவு அசையாது. இதனால் பூச்சியமாவது திருப்பம் மாறும் வீதம் மாத்திரம் அன்று. நீட்டலின் முழு வீச்சிலும் திருப்பமே பூச்சியமாக உள்ளது. எனவே அந்த அதிர்வின் இரண்டாம், மூன்றாம் மேற்சுரங்களும் செங்கீழ்க் கதிரில் தோன்றுவதில்லை.

குவாண்டம் பொறிமுறையின் மொழியிலும் இதே வாதம்தான் நிகழ்கிறது. இருமுனைவுத் திருப்பத்தை அதிர்வு ஆள்கூறு Q இன் தொடராக எழுதலாம்:

μ = μ₀ + (dμ/dQ)Q + …

முதல் உறுப்பு மாறிலி. இரண்டு வெவ்வேறு அதிர்வு நிலைகளின் அலைச்சார்புகள் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை என்பதால் அந்த உறுப்பு எந்தத் தாவலையும் உண்டாக்காது. நிலையான இருமுனைவு உதவாது என்று மேலே சொன்னதன் கணித வடிவம் இதுவே. இரண்டாவது உறுப்பே வேலை செய்கிறது. அது அடுத்துள்ள நிலைக்குத் தாவுவதை, அதாவது அதிர்வு எண் ஒன்றால் மாறுவதை அனுமதிக்கிறது. உறிஞ்சலின் வலிமை dμ/dQ இன் வர்க்கத்துக்கு விகிதசமம். தெரிவு விதி என்று பாடநூல்கள் இரண்டு வரிகளில் கூறுவது இவ்வளவே. ஆயினும் அந்த விதி எப்போதும் இரண்டு நிலைகளுக்கு இடையிலான தாவலைப் பற்றியே பேசுகிறது, தனியோர் அதிர்வைப் பற்றிப் பேசவில்லை என்பதை இங்கேயே மனத்தில் இருத்த வேண்டும். அதன் விளைவு கட்டுரையின் பிற்பகுதியில் வரும்.

"சமச்சீர் நீட்டல்" என்ற பெயர் பலரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்கிறது. நீர் மூலக்கூறுக்கும் சமச்சீர் நீட்டல் உண்டு. அது 3657 cm⁻¹ இல் உறிஞ்சவே செய்கிறது. நீர் வளைந்த மூலக்கூறு. இரண்டு O–H பிணைப்புகளும் ஒன்றாக நீளும்போது கோணத்தை இருசமமாக்கும் திசையில் திருப்பம் மாறுகிறது. அதைத் தடுக்கச் சமச்சீர் மையம் எதுவும் அங்கில்லை. ஆகவே அதிர்வு எவ்வளவு ஒழுங்கானது என்று பார்ப்பதால் பயன் இல்லை. அந்த ஒழுங்கு திருப்பத்தைப் பூச்சியத்தில் கட்டிவைக்கிறதா என்றே பார்க்க வேண்டும்.

இதை இன்னும் கூர்மையாகக் காட்டும் மூலக்கூறு அம்பாறையின் நெல்வயல்களிலிருந்தே வெளிவருகிறது. வயலுக்கு இடும் யூரியாவின் நைதரசனில் ஒரு சிறு பங்கை மண் நுண்ணங்கிகள் நைதரசு ஒட்சைட்டாக, அதாவது N₂O ஆக, மாற்றி வெளிவிடுகின்றன. இதன் மூலக்கூற்றுத் திணிவு காபனீரொட்சைட்டைப் போலவே 44, இலத்திரன்களின் எண்ணிக்கையும் அதேபோல் 22, வடிவமும் நேர்கோடு. வேறுபாடு ஒன்றுதான்: அணுக்கள் N–N–O என்ற வரிசையில் நிற்பதால் இரு முனைகளும் வெவ்வேறானவை, சமச்சீர் மையம் இல்லை. அதன் நிலையான இருமுனைவுத் திருப்பம் ஏறத்தாழ 0.16 டிபை என்ற மிகச் சிறிய அளவே. அப்படியிருந்தும், காபனீரொட்சைட்டில் மௌனமாக இருந்த அதே வகை அதிர்வு, இங்கே 1285 cm⁻¹ இல் வலிமையான பட்டையாக எழுகிறது. ஒட்சிசனை ஒரு முனையிலும் நைதரசனை மறுமுனையிலும் வைத்தவுடன் முன்னைய பூச்சியத்துக்கு இருந்த காரணமே அகன்றுவிடுகிறது.

அதே வயலில் தேங்கிய நீரின் கீழ் உருவாகும் மெதேன் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. நான்முகி வடிவ மெதேனுக்குச் சமச்சீர் மையம் இல்லை. ஆனாலும் நான்கு C–H பிணைப்புகளும் ஒன்றாக நீளும் 2917 cm⁻¹ அதிர்வு செங்கீழ்க் கதிரில் தோன்றாது. நான்கு திசைகளில் எழும் மாற்றங்களும் ஒன்றையொன்று முற்றாக நீக்கிவிடுகின்றன. அதிர்வின்போதும் குலையாத சமச்சீர் மையம் மௌனத்துக்கு ஒரு போதுமான காரணம். இன்றியமையாத காரணம் அன்று.

இனி ஆய்வுகூடத்தில் நிகழும் ஒரு பொறிக்கு வருவோம். பின்னணி நிறமாலையில் 2349 ஐச் சுற்றி இரண்டு மேடுகளும் அவற்றின் நடுவே ஒரு பள்ளமும் தெரியும். 667 இல் ஊசிபோன்ற ஒரு கூரிய கோடு தெரியும். மௌனமான அதிர்வை எங்கே தேடுவது என்று அறிந்த மாணவர், 1300 க்கும் 1400 க்கும் இடைப்பட்ட பகுதியைப் பெரிதாக்கிப் பார்ப்பார். அங்கே கோடுகள் உண்டு, ஒன்றல்ல, பல. தெரிவு விதி பொய்த்துவிட்டது என்று அவர் எண்ணினால் அது வியப்பன்று. உண்மையில் அவை நீராவியின் கோடுகள். நீரின் வளைவு அதிர்வு 1595 ஐ மையமாகக் கொண்டது. அதனுடன் சுழற்சித் தாவல்கள் சேர்ந்து ஏறத்தாழ 1300 இலிருந்து 2000 வரை நெருக்கமான கோடுகளாகப் பரவுகின்றன. எமது கரையோரக் காற்றில் அந்தக் கோடுகள் தடிப்பாகவே இருக்கும். அதே ஈரம் கருவியின் பொற்றாசியம் புரோமைட்டுச் சாளரங்களையும் மங்கவைக்கும் என்பதால், இங்கு சிலிக்கா ஜெல்லை உலர்த்தி மாற்றுவது நிறமாலைமானி வைத்திருப்போரின் ஓயாத வேலை.

இதைப் பிரித்தறிய முதலில் தோன்றும் வழி, மாதிரி அறைக்குள் மூச்சை ஊதிப் பார்ப்பதாகும். அது பயனற்றது. வெளிவிடும் மூச்சில் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 4 சதவீதம் இருந்தாலும் அது நீராவியாலும் நிரம்பியது. இரண்டு வாயுக்களின் கோடுகளும் சேர்ந்தே உயரும். அப்பச் சோடாவில் வினாகிரியை ஊற்றிப் பெறும் வாயுவும் சரிவராது. அதனோடு வரும் அசற்றிக் அமில ஆவி 1380 ஐ ஒட்டித் தானும் உறிஞ்சும். சரியாகத் தேடும் இடத்திலேயே ஒரு போலிப் பட்டை தோன்றும். உருளையிலிருந்து எடுத்த காபனீரொட்சைட்டை உலர்ந்த கல்சியம் குளோரைட்டினூடாகச் செலுத்தி, 10 சென்ரிமீற்றர் வாயுக் கலத்தில் நிரப்பி எடுப்பதே முறை. அப்போது 2349 இல் ஒளி முற்றாக மறைந்துபோகும் அளவுக்கு உறிஞ்சல் இருக்கும். 1285 ஐயும் 1388 ஐயும் சூழ்ந்த பகுதி தட்டையாகக் கிடக்கும். மிஞ்சியிருக்கும் சிறு கோடுகள் ஐயத்தைத் தந்தால், 3700 ஐ அடுத்துள்ள நீராவிக் கோடுகளோடு சேர்ந்து அவை ஏறி இறங்குகின்றனவா என்று பார்த்தால் போதும்.

1285, 1388 என்று இரண்டு எண்கள் எங்கிருந்து வந்தன? அவற்றை நேரடியாகக் காட்டுவது இராமன் நிறமாலை. 1928 இல் சி. வி. இராமன் கே. எஸ். கிருஷ்ணனுடன் கண்டறிந்த அந்தச் சிதறலில் ஒளி மூலக்கூறில் ஓர் இருமுனைவைத் தூண்டுகிறது. எனவே அதிர்வின்போது மூலக்கூறின் இலத்திரன் முகில் எவ்வளவு எளிதில் உருக்குலையும் என்பது மாறினால் போதும். சமச்சீர் நீட்டலில் முழு முகிலும் விரிந்து சுருங்குவதால் அது நன்றாகவே மாறுகிறது. சமச்சீர் மையம் உள்ள மூலக்கூறுகளில் செங்கீழ்க் கதிரில் தெரியும் அதிர்வு இராமனிலும், இராமனில் தெரிவது செங்கீழ்க் கதிரிலும் தெரியாது. காபனீரொட்சைட்டு இந்த விலக்கலுக்குச் சுத்தமான எடுத்துக்காட்டு. ஆனால் ஒரு கோடு வரவேண்டிய இடத்தில் இரண்டு வந்தது அக்காலத்தில் புதிராக இருந்தது. 1931 இல் என்றிக்கோ பெர்மி அதை விடுவித்தார். வளைவு அதிர்வின் முதல் மேற்சுரம் 667 இன் இருமடங்கு, அதாவது 1334 ஐ ஒட்டியது. அது சமச்சீர் நீட்டலின் சக்திக்கு மிக அருகில் விழுகிறது. ஒரே சமச்சீர்மை கொண்ட இரண்டு நிலைகள் இவ்வளவு நெருங்கினால் அவை கலந்து ஒன்றையொன்று தள்ளிவிடும். அதனால் கிடைக்கும் சோடியே 1285 உம் 1388 உம். இவற்றில் எதையும் தூய நீட்டல் என்றோ தூய வளைவு என்றோ சொல்ல முடியாது. இரண்டும் சமச்சீர் நிலைகள் என்பதால் இரண்டும் செங்கீழ்க் கதிரில் மௌனம்.

இனி, தாவல் பற்றி முன்னர் சொன்னதற்கு வரலாம். தரைநிலையிலிருந்து அந்தச் சோடிக்குச் செல்லும் தாவல்தான் தடுக்கப்பட்டது. அதே நிலை வேறொரு தாவலில் பங்கேற்பதை விதி தடுக்கவில்லை. நாம் உலர்த்தி நிரப்பிய அதே வாயுக் கலத்தின் நிறமாலையில், 3613 இலும் 3715 இலும் இரண்டு பட்டைகள் தெளிவாகத் தெரியும். சமச்சீரற்ற நீட்டலோடு பெர்மி சோடியின் ஒவ்வோர் உறுப்பும் ஒரே வேளையில் தூண்டப்படும் சேர்க்கைப் பட்டைகள் அவை. சமச்சீர் நிலையோடு சமச்சீரற்றது சேர்ந்தால் விளைவு சமச்சீரற்றது. ஆகவே திருப்பம் மாறும், உறிஞ்சலும் நிகழும். அந்த இரண்டு பட்டைகளுக்கும் இடையிலான வித்தியாசம் 102 cm⁻¹. இராமனில் கண்ட சோடியின் வித்தியாசம் 103. மௌனமான அதிர்வின் தடத்தைச் செங்கீழ்க் கதிர்த் தாளிலேயே கண்டுகொள்ள இதைவிட நல்ல வழியை நான் அறியேன். 3715 இலிருந்து 2349 ஐக் கழித்தால் 1388 வராமல் 1366 வருவதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. இரண்டு அதிர்வுகள் ஒன்றாக நிகழும்போது ஒன்றின் இருப்பு மற்றதன் சக்தியைச் சிறிது குறைத்துவிடுகிறது.

காபனீரொட்சைட்டு லேசர் இயங்குவதும் இதே இடைவெளியினூடாகத்தான். 1964 இல் பெல் ஆய்வுகூடத்தில் குமார் பட்டேல் உருவாக்கிய அந்த லேசரில், மூலக்கூறுகள் 2349 இல் உள்ள சமச்சீரற்ற நிலைக்கு ஏற்றப்பட்டு, அங்கிருந்து பெர்மி சோடிக்கு இறங்குகின்றன. 2349 இலிருந்து 1388 ஐக் கழித்தால் 961 cm⁻¹, அது 10.4 மைக்ரோமீற்றரை மையமாகக் கொண்ட பட்டை, தகடு வெட்டும் இயந்திரங்களின் 10.6 மைக்ரோமீற்றர்க் கோடு அதன் ஓர் உறுப்பே. 1285 ஐக் கழித்தால் 9.4 மைக்ரோமீற்றர்ப் பட்டை கிடைக்கும். தரைநிலையிலிருந்து ஒளியால் எட்ட முடியாத நிலை, மேலிருந்து இறங்குவோருக்கு இறங்குதுறையாகிறது.

விதி தளர்வதற்கு வேறு வழிகளும் உண்டு. ஒட்சிசன்களில் ஒன்று 18 திணிவெண் கொண்ட சமதானியாக இருந்தால் முனைகள் சமமாக அசைவதில்லை. இயற்கைக் காபனீரொட்சைட்டில் இத்தகைய மூலக்கூறுகள் ஏறத்தாழ 0.4 சதவீதம். அவற்றின் சமச்சீர் நீட்டல் மங்கலாக உறிஞ்சும். அழுத்தம் மிகுந்த வாயுவில் மூலக்கூறுகள் மோதும் கணத்தில் ஒன்று மற்றதன் ஏற்றப் பரம்பலைக் கோணலாக்குவதால், தனியே மௌனமான அதிர்வும் அகன்ற பட்டையாகத் தலைகாட்டும். நைதரசனிலும் ஒட்சிசனிலும்கூட இத்தகைய உறிஞ்சலை 1949 இல் குரோபோர்ட், வெல்ஷ், லொக் ஆகியோர் அளந்து காட்டினர். இந்த இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று: சமதானியால் வரும் உறிஞ்சல் வாயுவின் அடர்த்திக்கு விகிதசமமாக வளரும், மோதலுக்கு இரண்டு மூலக்கூறுகள் வேண்டும் என்பதால் அதனால் வரும் உறிஞ்சல் அடர்த்தியின் வர்க்கத்துக்கு விகிதசமமாக வளரும்.

சேதன இரசாயனத்தில் இந்த மௌனம் நடைமுறைத் தவறுகளுக்கு இடமளிப்பதால் அதையும் சொல்லியாக வேண்டும். பியூற்-1-ஐனில் மும்மைப் பிணைப்பு 2120 ஐ ஒட்டி உறிஞ்சும். முனையிலுள்ள C–H பிணைப்பு 3300 ஐ ஒட்டி வலிமையாக உறிஞ்சும். பியூற்-2-ஐனில் மும்மைப் பிணைப்பின் இரு பக்கமும் மெதைல் கூட்டங்களே இருப்பதால் அது நீளும்போது திருப்பம் மாறுவதில்லை. முனை ஐதரசனும் இல்லை. நிறமாலையை மட்டும் பார்த்தால் மும்மைப் பிணைப்பே இல்லாத சேர்வை போலத் தோன்றும். அமோனியாசேர் வெள்ளி நைத்திரேற்றுடனும் அது வீழ்படிவு தராது. எனவே இரண்டு சோதனைகளும் சேர்ந்து ஒரே தவறான முடிவை உறுதிப்படுத்திவிடும். புரோமீன் நீரின் நிறம் நீங்குவதும், இராமனில் 2200 க்கும் 2350 க்கும் இடையே எழும் வலிமையான சமிக்ஞையும்தான் உண்மையைக் காட்டும். பென்ற்-2-ஐனில் ஒரு பக்கம் மெதைலும் மறுபக்கம் எதைலும் இருப்பதால் கடுமையான பூச்சியம் இல்லை. ஆனால் இரண்டு கூட்டங்களும் இலத்திரனை ஏறத்தாழ ஒரே அளவு தள்ளுவதால் பட்டை மிக மெல்லியதாகவே வரும். செறிவு குறைந்த கரைசலில் அது அடிக்கோட்டின் இரைச்சலில் மறைந்துபோகும். இத்தகைய சேர்வை கையில் இருக்கலாம் என்று ஐயம் எழுந்தால், மாதிரியின் தடிப்பைக் கூட்டி மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. மெல்லிய பட்டை அப்போது வளர்ந்து தெரியும். பியூற்-2-ஐனின் மும்மைப் பிணைப்போ தடிப்பை எவ்வளவு கூட்டினாலும் 2200 ஐ அடுத்துத் தன் பட்டையைக் காட்டாது.